எச்சமும் முற்றும்: பாட்டு வரி முடிந்ததென்று காதுக்கு எப்படித் தெரிகிறது?

அக்கா மகள் கீபோர்டு கற்றுக்கொள்ளத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. ஒரு நாள் சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து ‘ஹேப்பி பர்த்டே’ பாட்டை ஒற்றை விரலால் வாசித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் ‘டு’ வரைக்கும் வந்தவள், வாசலில் தோழி கூப்பிடும் சத்தம் கேட்டதும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டாள். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, தலையைக்கூட நிமிர்த்தாமல், விட்டுப்போன அந்த ஒரு ஸ்வரத்தை ‘ம்ம்’ என்று முனகி முடித்துவைத்தார்.

“என்னம்மா பாடினே இப்ப?” என்று கேட்டேன்.

“நானா? நான் எங்கடா பாடினேன்?” என்றார்.

அம்மா சங்கீதம் கற்றவர் இல்லை. அவர் வாயிலிருந்து அந்த ஸ்வரத்தைப் பிடுங்கி எடுத்தது எது? மேற்கத்திய இசைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கேடன்ஸ்’. விழுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு இசை வாக்கியம் தன் முடிவை நோக்கி எப்படி வந்து விழுகிறது என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. பாட்டின் முடிவுக்கு மட்டும் உரியதல்ல அது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஏதோ ஒரு கேடன்ஸ் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு முடிகிறது.

தமிழில் இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் நம் இலக்கணத்திலேயே இது இருக்கிறது. ‘கடைக்குப் போய்’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார். ‘கடைக்குப் போனான்’ என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. முதலாவது எச்சம், இரண்டாவது முற்று. பாட்டு வரிகளிலும் எச்சம் உண்டு, முற்று உண்டு. ‘ஹேப்பி பர்த்டே’ பாட்டின் நான்கு வரிகளுக்குள் இரண்டையும் பார்த்துவிடலாம்.

இந்த மெட்டு 1893-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து ஹில் சகோதரிகள் மழலையர் பள்ளிக்காக வெளியிட்ட ஒரு காலை வணக்கப் பாட்டினுடையது. பிறந்தநாள் வார்த்தைகள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன. நம் ஸ்வரங்களில் எழுதினால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான்:

முதல் வரி: ப ப த ப ஸ நி
இரண்டாம் வரி: ப ப த ப ரி ஸ
மூன்றாம் வரி: ப ப ப க ஸ நி த
நான்காம் வரி: ம ம க ஸ ரி ஸ

முதல் மூன்று வரிகளின் தொடக்கத்தில் வரும் ‘ப ப’வும், முதல் இரண்டு வரிகளில் ‘ப த ப’ என்று போவதும் கீழ் ஸ்தாயி. வரிக் கடைசியில் வரும் நி, த ஆகியவையும் ஸ-வுக்குக் கீழே இருப்பவைதான். மூன்றாம் வரியில் மூன்றாவதாக வரும் ‘ப’ மட்டும் ஒரு முழு ஸ்தாயி மேலே. பிறந்தநாள் வீடுகளில் எல்லார் குரலும் உடைகிற இடம் அதுதான். யாராவது உற்சாகத்தில் சுருதியை ஏற்றித் தொடங்கிவிட்டால் அங்கே பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள்.

இந்தப் பாட்டு ஸ-வில் தொடங்கவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். முதல் வரியில் ஐந்தாவது ஸ்வரமாகத்தான் ஸ வருகிறது, வந்த உடனே நி-க்கு இறங்கிவிடுகிறது. ‘யூ’ என்று நாம் நீட்டுவது அந்த நி-யில். ஸ-வை வீடு என்று வைத்துக்கொண்டால், நி அதன் வாசல்படி. சங்கராபரணத்தின் காகலி நிஷாதத்துக்கும் மேல் ஸ-வுக்கும் நடுவில் வேறு ஸ்வர ஸ்தானமே கிடையாது, கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகள். ஆக முதல் வரி வீட்டைத் தொட்டுவிட்டு மறுபடி படியில் வந்து நின்றுவிடுகிறது. ‘கடைக்குப் போய்…’

இரண்டாம் வரி அதே ‘ப ப த ப’ என்று தொடங்குகிறது. இந்த முறை இன்னும் கொஞ்சம் மேலே தாவி ரி-யைத் தொட்டு ஸ-வில் இறங்குகிறது. எச்சம் முற்றாகிவிட்டது. கேள்வி கேட்டவரே பதிலும் சொன்ன மாதிரி இரண்டு வரிகளும் ஜோடி சேர்ந்துவிட்டன.

இங்கே மெட்டுக்குக் கீழே ஓடும் கார்டுகளையும், அதாவது சில ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கவிடும் கொத்துகளையும், பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் கேடன்ஸ் என்ற சொல் மேற்கத்திய இசையில் பெரும்பாலும் கார்டுகளைப் பற்றித்தான் பேசுகிறது. மூன்றே கார்டுகள் போதும். ‘ஸ க ப’ சேர்ந்து ஒலித்தால் அது வீட்டுக் கார்டு. ‘ப நி ரி’ அதற்கு எதிர் முனை. ‘ம த ஸ’ நடுவில் ஒரு இடம். கீபோர்டு வகுப்புகளில் சி, ஜி, எஃப் என்று முதல் மாதமே சொல்லிக்கொடுக்கும் மூன்று கார்டுகள்தான் இவை.

முதல் வரி வீட்டுக் கார்டில் தொடங்கி ‘ப நி ரி’யில் நிற்கிறது. இரண்டாம் வரி ‘ப நி ரி’யில் தொடங்கி வீட்டுக்கு வருகிறது. முதலாவதை அரைக் கேடன்ஸ் என்பார்கள், இரண்டாவதை முழுக் கேடன்ஸ் என்பார்கள். ‘ப நி ரி’யோடு ம-வையும் சேர்த்து நான்கு ஸ்வரமாக வாசித்தால் இழுப்பு இன்னும் கூடும். இதற்குக் காரணம் அந்த நான்கில் இருக்கும் நி-யும் ம-வும். நி மேலே ஒரு கட்டை நகர்ந்தால் ஸ. சங்கராபரணத்தில் இருப்பது சுத்த மத்யமம், அது கீழே ஒரு கட்டை நகர்ந்தால் க. இரண்டும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு படி நகர்ந்தால் வீட்டுக் கார்டின் இரண்டு முக்கியமான ஸ்வரங்கள் கைக்குக் கிடைத்துவிடுகின்றன. நி-யும் ம-வும் சேர்ந்து ஒலிக்கும்போது காதுக்குக் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், அந்தக் கரகரப்பு நீங்கும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வழியில் போய்விட வேண்டும் என்ற தவிப்பைத்தான் கேடன்ஸ் பயன்படுத்திக்கொள்கிறது.

இது காதில் இயற்கையாகவே இருக்கிறதா, பழக்கத்தில் வருகிறதா? இரண்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. 1979-இல் கேரல் க்ரம்ஹான்ஸல், ரோஜர் ஷெப்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஸ முதல் நி வரை வாசித்துவிட்டு, வரவேண்டிய ஸ-வுக்குப் பதிலாக வெவ்வேறு ஸ்வரங்களை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, அந்த வரிசையை அது எவ்வளவு நன்றாக நிறைவு செய்கிறது என்று கேட்பவர்களை மதிப்பெண் போடச் சொன்னார்கள். இசை கற்றவர்கள் ஸ-வுக்கு, அது எந்த ஸ்தாயியில் வந்தாலும், மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தார்கள். பயிற்சி குறைந்தவர்கள் கடைசியாகக் கேட்ட ஸ்வரத்துக்கு எது பக்கத்தில் இருக்கிறது என்பதையே அதிகம் பார்த்தார்கள். அதாவது ‘வீடு எது’ என்பது ஒரு கணக்கு, ‘பக்கத்தில் எது’ என்பது இன்னொரு கணக்கு. நி-யிலிருந்து ஸ-வுக்குப் போகும் அந்த ஒரு படியில் இரண்டு கணக்கும் ஒரே விடை தருகின்றன.

சரி, ஒரு சந்தேகம் வர வேண்டும். இரண்டாம் வரியே ஸ-வில், முழுக் கேடன்ஸோடு முடிந்துவிட்டதே, பிறகு ஏன் அங்கே யாரும் கை தட்டுவதில்லை? பாட்டு தெரிந்ததால் என்று சொல்லிவிடலாம். ஆனால் மெட்டிலேயே காரணம் இருக்கிறது. இரண்டாம் வரியும் நான்காம் வரியும் முடிகிற விதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுமே ‘ரி ஸ’ என்றுதான் முடிகின்றன. கடைசி இரண்டு ஸ்வரங்களில் ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் அந்த ரி-க்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதில் இருக்கிறது.

இரண்டாம் வரியில் கீழ் ப-விலிருந்து ஒரே தாவலில் ரி. முதல் வரியில் அதே இடத்தில் ஸ வரைக்கும்தான் தாவினோம், இப்போது ஒரு படி அதிகம். கேட்பவர் மனம் உடனே அடுத்து இன்னும் மேலே போகும் என்று கணக்குப் போட்டுவிடுகிறது. மெட்டு விரிந்துகொண்டே போகிறது, முடிகிற சாயல் அதில் இல்லை. மூன்றாம் வரி அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றி உச்சத்துக்குப் போகிறது. அங்கிருந்து ப, க, ஸ, நி, த என்று படிக்கட்டில் உருண்டு வந்து பிறந்தநாள்காரரின் பெயரில் நிற்கிறது. கார்டு ‘ம த ஸ’. வீடும் இல்லை, எதிர் முனையும் இல்லை.

பெயர் வரி தனியாக ஒரு வேடிக்கை. மெட்டு அங்கே இரண்டு அசைக்குத்தான் இடம் விட்டிருக்கிறது. நம் பெயர்களோ நான்கு அசை, ஐந்து அசை. ஒருவர் முழுப் பெயரையும் திணிப்பார், இன்னொருவர் செல்லப் பெயரைச் சொல்வார், தாத்தா ‘கண்ணா’ என்று முடித்துவிடுவார். கூட்டம் கலைந்து போய் ஒரு நொடி மௌனம் கூட வரும். ஆனாலும் யாரும் பாட்டு முடிந்ததாக நினைப்பதில்லை. த-வில் நிற்கும் அந்த வரி ஆழமான எச்சம் என்பதால், எல்லாரும் காத்திருந்து ‘ம ம’ என்று ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறார்கள்.

நான்காம் வரியில் தாவலே பெரிதாக இல்லை. ம-வில் தொடங்கி க, ஸ, ரி, ஸ என்று ஸ-வைச் சுற்றியே வட்டமிட்டு இறங்குகிறது. கீழே கார்டுகள் இதுவரை ஒரு வரிக்கு இரண்டு வீதம் மாறிக்கொண்டிருந்தவை, இப்போது ஒரே வரியில் நான்காகிவிடுகின்றன: ‘ம த ஸ’, ‘ஸ க ப’, ‘ப நி ரி’, மறுபடி ‘ஸ க ப’. பாட்டு முழுக்கப் போய்வந்த இடங்களை எல்லாம் கடைசி வரி ஒரே மூச்சில் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறது. பாடுகிறவர்கள் வேகத்தையும் குறைத்துவிடுவார்கள். என் அம்மா முனகிய ஸ-வுக்குப் பின்னால் இத்தனையும் தள்ளிக்கொண்டிருந்தது.

கீபோர்டு வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். கடைசி ‘யூ’வில் வலது கை வழக்கம்போல ஸ-வையே வாசிக்கட்டும். இடது கையில் மட்டும் ‘ஸ க ப’வுக்குப் பதிலாகக் கீழே ‘த ஸ க’ வாசியுங்கள். கீபோர்டுக்காரர்கள் ஏ மைனர் என்பார்கள். இரண்டு கார்டுக்கும் ஸ-வும் க-வும் பொது, ஒரே ஒரு ஸ்வரம்தான் மாறியிருக்கிறது. பாடியவர் ஒரு தவறும் செய்யவில்லை, சரியான ஸ-வில்தான் வந்து நின்றார். ஆனால் முடிவு காலடியிலிருந்து நழுவிவிடும். ‘போனான்’ என்று முடிக்க வாயெடுத்தவர் ‘போனானாம்’ என்று சொன்னது போல, இன்னும் ஏதோ கதை இருக்கிறது. இதை ஏமாற்றுக் கேடன்ஸ் என்கிறார்கள். மேடையில் கடைசி வரியை இன்னொரு முறை பாட வைக்க வேண்டுமென்றால் வாத்தியக்காரர்கள் இதைப் போடுவார்கள், பாடகர் தானாகவே வரியைத் திரும்ப எடுத்துவிடுவார்.

இதற்கு நேர்மாறாக, மென்மையாக முடிகிற வகையும் ஒன்று உண்டு. தேவாலயத்தில் கீதத்தின் கடைசியில் ‘ஆ…மென்’ என்று பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். ‘ஆ’வுக்கு ‘ம த ஸ’, ‘மென்’னுக்கு ‘ஸ க ப’. மேலே ஸ அசையாமல் நிற்க, அடியில் மட்டும் ம க-வுக்கும் த ப-வுக்கும் இறங்குகின்றன. இதில் நி இல்லை, அதனால் அந்தத் தவிப்பு இல்லை. கீதம் அதற்கு முன்பே முழுக் கேடன்ஸில் முடிந்திருக்கும், இது அதன் மேல் போர்த்திய சால்வை.

இதுவரை சொன்னதில் கார்டுகளின் பங்கு பெரிதாக இருந்தது. கார்டே இல்லாத கர்நாடக இசையில் வரி எப்படி முடிகிறது? பாட்டு வகுப்பில் சேர்ந்த ஒவ்வொரு குழந்தையும் வரிசைகளைத் தாண்டியதும் பாடும் ‘ஸ்ரீ கணநாத’ கீதத்தில் விடை இருக்கிறது. மலஹரி ராகம், ரூபக தாளம், புரந்தரதாசர் இயற்றியது. அதில் ‘லம்போதர லகுமிகர’ என்ற இடம்:

லம்போதர: ஸ ரி ம , க ரி
லகுமிகர: ஸ ரி க ரி ஸ ,

காற்புள்ளியையும் ஒன்றாக எண்ணினால் இரண்டும் ஆறு ஆறு எண்ணிக்கை. முதல் ஆறு ரி-யில் போய் நிற்கிறது, கடைசி எண்ணிக்கை வரை ஸ்வரம் நிரம்பியிருக்கிறது. இரண்டாவது அதே ‘ஸ ரி’ என்று தொடங்கி, ம வரை எட்டாமல் க-விலிருந்தே திரும்பி, ஐந்தாம் எண்ணிக்கையில் ஸ-வைத் தொட்டு, ஆறாவதை மூச்சு விடுவதற்கு விட்டுவிடுகிறது. எச்சம், முற்று. ‘ஹேப்பி பர்த்டே’யின் முதல் இரண்டு வரிகள் செய்த அதே வேலை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மலஹரியில் நிஷாதமே கிடையாது. கீழேயிருந்து ஸ-வை நோக்கித் தள்ளும் அந்த வாசல்படி இங்கே இல்லை. பதிலாக இதன் ரி சுத்த ரிஷபம், ஸ-வுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் அடுத்த கட்டை. ஆக மேலேயிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்கு வருகிறோம். ‘லம்போதர’ ரி-யில் நிற்கும்போது ஏற்படும் தொங்கலும் அதனால்தான் அவ்வளவு கூர்மை. இதையே சங்கராபரணத்தின் ரி போட்டுப் பாடிப்பாருங்கள், கீதம் சாதுவாகிவிடும். இன்னொரு பக்கம் தம்புரா விடாமல் ப-வையும் ஸ-வையும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மேற்கத்திய இசையில் வீடு கண்ணுக்கு மறைந்து மறுபடி தெரியும், இங்கே வீட்டு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். எத்தனை தள்ளி இருக்கிறோம் என்பது ஒவ்வொரு நொடியும் தெரிவதால், கார்டு செய்யும் வேலையின் பெரும்பகுதியைத் தம்புராவே செய்துவிடுகிறது.

மீதியைத் தாளம் பார்த்துக்கொள்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிப்பதை முத்தாய்ப்பு என்றும் தீர்மானம் என்றும் சொல்கிறோம். ‘ததிகிணதொம்’ ஐந்து மாத்திரை. நடுவில் ஒவ்வொரு மாத்திரை இடைவெளி விட்டு மூன்று முறை வாசித்தால் 17. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை என்று எடுத்துக்கொண்டால், 15 மாத்திரை விட்டுப் பதினாறாவதில் தொடங்க வேண்டும். அப்போது கடைசித் ‘தொம்’ 32-இல் விழுந்து, அடுத்த அடி தாளத்தின் தொடக்கமான சமத்தில் இறங்கும். முதல் முறை வெறும் சொற்கட்டு. இரண்டாம் முறை வந்ததும் சபைக்குப் புரிந்துவிடுகிறது. மூன்றாம் முறை தொடங்கும்போதே எல்லார் கையும் சமத்துக்காகக் காத்திருக்கும். ஸ்வரம் ஒன்றுகூட இல்லாமல், எங்கே போய் இறங்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரியவைப்பதால் வருகிற முடிவு இது.

அப்படியானால் ஸ-வில் வந்து இறங்காமலே ஒரு பாட்டு முடியுமா? முடியும். நாம் எழுந்து நின்று பாடும் தேசிய கீதமே அப்படித்தான். ‘பாரத பாக்ய விதாதா’ என்ற வரி முதல் முறை வரும்போது ‘நி ரி ஸ’ என்று ஒழுங்காக வீட்டுக்கு வந்துவிடுகிறது. கடைசி வரி அப்படியில்லை. ‘ஜய ஜய ஜய ஜய ஹே’ என்பது ஸ ஸ, ரி ரி, க க, ரி க, ம. ‘ஹே’ என்று நாம் நீட்டி முடிப்பது ம-வில். விதிப்படி பார்த்தால் அந்தரத்தில் நிற்க வேண்டிய இடம். ஆனாலும் யாருக்கும் குறை தெரிவதில்லை. முதல் வரியின் ‘ஜய ஹே’யும் அதே ம-வில்தான் நின்றது, அதனால் அந்த இடம் காதுக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது. அப்புறம், க-வும் ம-வும் அடுத்தடுத்த கட்டைகள்தான், நி-க்கும் ஸ-வுக்கும் இருக்கும் அதே நெருக்கம். ‘ரி க ம’ என்று ஏறும்போது காது ஒரு கணம் ம-வையே ஸ-வாக எடுத்துக்கொள்கிறது, ‘த நி ஸ’ கேட்ட மாதிரி இருக்கிறது. தாகூர் எழுதியது ஐந்து பத்திகள், நாம் பாடுவது முதலாவது மட்டும். அடுத்த பத்தியைப் பாடுவதென்றால் இந்த ஏறுமுகமான முடிவு அதற்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்றைய பாப் பாட்டுகளில் நான்கு கார்டுகளைச் சக்கரமாகச் சுற்றவிட்டு மூன்று நிமிடம் ஓட்டிவிடுகிறார்கள். அவற்றில் பலவற்றில் முற்று என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. அதனால் சத்தத்தை மெல்லக் குறைத்து முடிப்பார்கள், இல்லையென்றால் வெடுக்கென்று வெட்டிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கிறதா என்று கேட்டால், சக்கரம் நன்றாக இருந்தால் பிடிக்கும்.

அக்கா மகளுக்கு அந்த ‘த ஸ க’ வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாள் இடது கையைப் பழக்கிக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை பாட்டி அடுப்படியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வாசித்தாள். நான்கு வரியும் பிசகில்லாமல் வந்தது, கடைசி ‘யூ’வில் இடது கை த-வுக்கு இறங்கியது, அப்படியே நிறுத்திவிட்டாள். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“என்னடி, இன்னும் ஒரு வரி இருக்கா?” என்று குரல் வந்தது.